மாதவிடாய் வலி: ஒத்தடம், சுக்கு, உடற்பயிற்சி – கேள்வி பதில்

வெந்நீர்ப் பை வைத்தால் இதமாக இருக்கிறது. நிஜமாகவே வேலை செய்கிறதா, மனப்பிரமையா?

நிஜம்தான். மாதவிடாயின்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கருப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்கிறது. இறுகிய தசைக்கு ரத்தம் சரியாகப் போகாததால் வலிக்கிறது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், 39 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு தரும் பட்டையை அடிவயிற்றில் நாளுக்குச் சுமார் 12 மணி நேரம், இரண்டு நாள் கட்டிவைத்தார்கள். 400 மில்லிகிராம் இபுபுரூஃபன் வலி மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த அளவு நிவாரணம் இதிலும் கிடைத்தது. மாத்திரையோடு சூடும் சேர்ந்தபோது வலி இன்னும் சீக்கிரம் அடங்கியது. ஆய்வு சிறியது. ஆனாலும் வீட்டு முறைகளில் நான் முதலில் சொல்வது ஒத்தடத்தைத்தான்.

எனக்குச் சுடச்சுட வைத்தால்தான் கேட்கிறது. இப்போது அடிவயிற்றில் வலைபோலப் பழுப்புக் கோடுகள். தேமலா?

பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே இடத்தில் தொடர்ந்து சூடு பட்டால் இப்படித்தான் வலைத்தடம் விழும். அந்த இடத்தில் சூடு வைப்பதை நிறுத்துங்கள். சில மாதங்களில் மங்கக்கூடும், தொடர்ந்தால் நிலைத்துவிடும். 39 டிகிரி என்பது உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம், அதுவே போதும். இனி பையில் கொதிநீர் ஊற்றாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, துண்டு சுற்றி வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தோலைப் பாருங்கள். பையோடு தூங்க வேண்டாம்.

வலி வந்ததும் ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீர் குடித்தால் போதும்தானே? இயற்கைப் பொருள், பக்கவிளைவும் கிடையாது.

சுக்கு உதவுகிறது என்பதுவரை சரி. ஆனால் ஆய்வுகளில் கொடுத்தது ஒரே ஒரு வேளை இல்லை. நாளுக்கு 750 முதல் 2000 மில்லிகிராம் பொடியைப் பல வேளையாகப் பிரித்து, முதல் மூன்று நான்கு நாள் கொடுத்தார்கள். வீட்டில் கால் தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய அரை கிராம், மூன்று வேளை எடுக்கலாம். தேதி ஓரளவு சொல்ல முடிந்தால் இரண்டு நாள் முன்பே தொடங்குங்கள். வலி முற்றிய பிறகு தொடங்கினால் பலன் குறையும். நெஞ்செரிச்சல் வரக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவில் எடுக்கக் கூடாது.

உடற்பயிற்சி நல்லது என்கிறார்கள். வலியோடு எப்படி ஓடுவது? படுத்தே கிடக்கிறேன்.

அன்றைக்கு ஓடச் சொல்லவில்லை, படுத்திருங்கள். பலன் தெரிவது மாதம் முழுக்க, வாரம் மூன்று நாளாவது, 45 முதல் 60 நிமிடம் செய்பவர்களுக்கு. 2019-இல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 100 புள்ளி அளவுகோலில் வலி சுமார் 25 புள்ளி குறைந்திருந்தது. கணிசமான வித்தியாசம்தான். ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் குறைவு என்று அவர்களே சொல்கிறார்கள். யோகாவா, வேக நடையா, எது மேல் என்பது இன்னும் தீரவில்லை.

மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. வலி மூன்று நாள் முன்பே தொடங்கி, ரத்தம் நின்ற பிறகும் இருக்கிறது. வருடா வருடம் கூடுகிறது. சுக்கின் அளவைக் கூட்டவா?

கூட்ட வேண்டாம். சாதாரணப் பிடிப்பு வலி ரத்தப்போக்கை ஒட்டித் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் அடங்கும். நீங்கள் சொல்வது, கருப்பை உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற வேறு காரணமாக இருக்கலாம். வலி தொடங்கும் நாள், முடியும் நாள், எடுத்த மாத்திரை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகிவிடாது. அதையும் அவரிடம் கேளுங்கள்.