சமரசம் பேசியவரே தீர்ப்பும் எழுதலாமா? மெட்-ஆர்ப் பற்றிய கேள்வி பதில்

ஒப்பந்தத்தில் "முதலில் சமரசம், முடியாவிட்டால் அதே நபரே நடுவராகித் தீர்ப்பு தருவார்" என்று போட்டிருக்கிறார்கள், இதற்குப் பெயர்தான் மெட்-ஆர்ப்பாம். நேரமும் செலவும் மிச்சம்தானே, என்ன ஆபத்து?

மிச்சம் உண்மைதான். வழக்கு முழுவதையும் இன்னொருவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டாம். ஆபத்து, சமரசர் ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசும் தனி அறைச் சந்திப்பில் இருக்கிறது. ஒரு இயந்திரம் விற்றவர் பாக்கி 100 கேட்கிறார், வாங்கியவர் இயந்திரமே பழுது என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனி அறையில் வாங்கியவர் சமரசரிடம் மனம் விட்டுப் பேசுகிறார்: "60 வரை தரத் தயார், ஆனால் அவரிடம் சொல்லாதீர்கள்." கூடவே, "இதற்கு முன் வாங்கிய வேறு இரண்டு பேருக்கும் இவர் இதே பழுதோடுதான் கொடுத்தாராம்" என்கிறார். சமரசம் முறிகிறது. அதே மனிதர் இப்போது நடுவர் நாற்காலியில் உட்காருகிறார். அந்த 60 அவர் தலையை விட்டுப் போகாது, சாட்சியம் 30 என்று காட்டினாலும் கை 60 பக்கமே சாயும். அந்த இரண்டு பேர் கதையோ இன்னும் மோசம். அது பொய்யாகவே இருக்கலாம், ஆனால் விற்றவருக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது, தெரியாத குற்றச்சாட்டுக்கு எப்படிப் பதில் சொல்வார்?

இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. சட்டமே அனுமதிக்கிறதே சார்.

பாதி சரி. இந்தியாவின் 1996 நடுவர் சட்டம், பிரிவு 80, தரப்புகள் சம்மதித்தால் ஒழிய சமரசர் நடுவராகக் கூடாது என்கிறது, அதனால் சம்மதம் கதவைத் திறக்கிறது. ஆனால் எப்போது கொடுத்த சம்மதம் என்பதையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், சமரசம் முடிந்த பிறகு எல்லோரும் எழுத்தில் மறுபடி சம்மதித்தால்தான் அதே நபர் தொடரலாம். தனி அறையில் என்ன கொட்டினோம் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான சம்மதம் சாத்தியம், இந்த விதி எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம். 2018-இல் கு-ரிங்-காய் நகராட்சிக்கும் இக்கோர் கட்டுமான நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், சமரசம் தோற்றபின் அந்த எழுத்துச் சம்மதம் இல்லை என்பதால் நடுவரின் அதிகாரமே முடிந்துபோனது என்று நீதிமன்றம் சொன்னது. அதுவரை நடந்த விசாரணை அத்தனையும் வீண்.

அப்படியானால் தனி அறையில் கேட்டதை நடுவர் வெளியே சொல்லிவிட வேண்டியதுதானே?

ஹாங்காங், சிங்கப்பூர் சட்டங்கள் அப்படித்தான் சொல்கின்றன: சமரசம் தோற்றால், தொடரும் முன், விவகாரத்துக்கு முக்கியம் என்று நடுவர் கருதும் ரகசியத் தகவலை எல்லாத் தரப்புக்கும் வெளியிட வேண்டும். ஆனால் முன்பே இது தெரிந்தால் யார் தனி அறையில் வாய் திறப்பார்கள்? அப்புறம், "60 வரை தருவேன்" என்பது முக்கியத் தகவலா? அது பேரம், ஆதாரம் இல்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். நடுவர் மனதைச் சாய்க்கக்கூடிய எதுவும் முக்கியம்தான் என்கிறார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் இது இன்னும் அடங்காத விவாதம்.

என் வழக்கில் சமரசரே "நான் தீர்ப்பு எழுதினால் இதைவிடக் குறைவாகத்தான் வரும், ஒப்புக்கொள்ளுங்கள்" என்றார். பயந்து கையெழுத்துப் போட்டேன். இது நீங்கள் சொல்வதில் சேருமா?

சேரும் மேடம். தீர்ப்பு எழுதும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் அது ஆலோசனையாக இருக்காது, அழுத்தம் ஆகிவிடும். அவர் சொன்னதைத் தேதியோடு எழுதிவைத்து, ஒரு வழக்கறிஞரிடம் உடனே காட்டுங்கள். தாமதம் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு காவ் ஹையான் வழக்கைப் பாருங்கள். சீனாவின் சியானில் நடந்த நடுவர் விசாரணையின் நடுவே, ஒரு நடுவரும் அதை நடத்திய நடுவர் ஆணையத்தின் அதிகாரியும் ஹோட்டலில் இரவு உணவின்போது காவின் எதிர்த்தரப்புக்கு வேண்டியவரைச் சந்தித்து, 25 கோடி யுவான் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்ற யோசனையை வைத்தார்கள். எதிர்த்தரப்பு மறுத்தது, தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. ஹாங்காங்கின் கீழ்நீதிமன்றம் 2011-இல் பாரபட்சத் தோற்றம் இருக்கிறது என்று அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற மறுத்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது, விசாரணை நடந்தபோதே ஆட்சேபிக்காமல் இருந்தது அவர்களுக்கு எதிராகப் போன காரணங்களில் ஒன்று.

தனி அறைச் சந்திப்பே இல்லாமல் செய்தால்?

ரகசியத் தகவல் பிரச்சினை பெருமளவு குறையும், எல்லாம் இருவர் முன்னிலையிலேயே பேசப்படும். ஆனால் பேரம் தளரும், பலருக்கு எதிராளி முன்னால் தங்கள் கடைசித் தொகையைச் சொல்ல வராது. என்னைக் கேட்டால் இரண்டு ஆள் வைப்பதே நல்லது. சிங்கப்பூரில் நடுவர் மையமும் சமரச மையமும் சேர்ந்து நடத்தும் முறையில் சமரசரும் நடுவரும் பொதுவாக வேறு வேறு ஆட்கள்தான். செலவு கூடும், ஒப்பந்தத் தொகை சின்னதென்றால் அது கட்டுப்படியாகாது. அப்போது குறைந்தபட்சம், சமரசம் முறிந்ததும் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் அந்த நபரை விலக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.