வாங்கும் முன், வாங்கிய பின்: மாற்றியும் டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி.

ஐயா, எங்கள் ஜெராக்ஸ் கடையில், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறது. இரண்டு முறை புதிதாக வாங்கி மாற்றிவிட்டோம். எல்லா எம்.சி.பி. சுவிட்சுகளையும் அணைத்து வைத்தாலும் சில நாள் தானாக விழுகிறது. எந்த கம்பெனியுடையதை வாங்கலாம்?

எதையும் வாங்க வேண்டாம். எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், ஏறக்குறைய உங்கள் கடையைப் போன்ற ஒன்றுக்கு அழைக்கப்பட்டார். ஒன்பது கடைகள் உள்ள, மும்முனை மின்சாரம் பெறும் கட்டடம் அது. மூன்று பேஸ்களும் கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. நியூட்ரல் மட்டும் எல்லோருக்கும் பொது. அவர் வந்தவுடன் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. எந்த நேரத்தில் விழுகிறது, விழுவதற்கு முன் விளக்கில் ஏதேனும் மாற்றம் தெரிகிறதா என்ற இரண்டை மட்டும் கேட்டார். முதல் கேள்விக்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை. இரண்டாவதற்கு, கல்லாவில் இருந்த பையன், "டியூப் லைட் சட்டென்று பளிச்சென்று எரியும், அப்புறம் விழும்" என்றான்.

விளக்கு மங்கினால் சுமை கூடியிருக்கிறது என்று எவரும் சொல்லிவிடுவார். நம் கடையில் ஒன்றும் மாறாதிருக்க விளக்கு கூடுதலாகப் பிரகாசித்தால், நம் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான வோல்டேஜ் ஏறியிருக்கிறது என்று பொருள். அதே நொடியில் பக்கத்துக் கடையில் விளக்கு மங்குமானால், பழுது பெரும்பாலும் பொது நியூட்ரலில்தான். அவர் பக்கத்துக் கடைகளில் விசாரித்தபோது, கீழ்த்தள பேக்கரியின் மின் அடுப்பு சூடேறும் நேரங்களில் அங்கே விளக்கு மங்குவதாகச் சொன்னார்கள்.

பிறகு மெயின் பேனலைத் திறந்து மல்டிமீட்டரை வைத்தார். அடுப்பு அணைந்திருந்தபோது மூன்று பேஸ்களும் நியூட்ரலோடு 230 வோல்ட்டை ஒட்டியே காட்டின. அடுப்பைப் போடச் சொன்னார். பேக்கரியின் பேஸ் 207க்கு இறங்கியது. ஜெராக்ஸ் கடையின் பேஸ் 248க்கு ஏறியது. மூன்றாவது 240 காட்டியது. ஆனால் பேஸுக்கும் பேஸுக்கும் இடையே அளந்தால் எப்போதும் போல 400தான். வெளியிலிருந்து வரும் மின்சாரமே ஏறி இறங்குகிறது என்றால் இந்த 400ம் ஆடியிருக்க வேண்டும். அது அசையாமல் நிற்க, நியூட்ரலோடு அளப்பவை மட்டும் ஒன்று இறங்கி மற்றவை ஏறினால், நடுவில் நிலையாக இருக்க வேண்டிய நியூட்ரல்தான் தன் இடத்தை விட்டு நகர்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தார்: அடுப்பு இல்லாதபோது 1 வோல்ட், அடுப்பு எரியும்போது 24 வோல்ட்.

இனி எந்த இணைப்பு என்று பார்க்க வேண்டும். அடுப்பு எரிந்துகொண்டிருக்கையிலேயே, மீட்டரின் ஒரு முனையைப் பேனலுக்குள் வரும் நியூட்ரல் கேபிளின் உலோகத்திலும், மறுமுனையை அந்த கேபிள் இறங்கும் நியூட்ரல் பட்டையிலும் வைத்தார். இறுக்கமான இணைப்பில் அங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அந்த 24 வோல்ட்டும் அங்கேயே நின்றது. வெளியே கம்பத்திலோ மீட்டருக்கு முன்னாலோ பழுது இருந்திருந்தால் இந்த இடத்தில் ஒன்றும் காட்டியிருக்காது. அப்போது மின் வழங்குவோரைத்தான் அழைக்க வேண்டும், சீலைத் தொடக் கூடாது.

மெயினை அணைத்துப் பூட்டி, மின்சாரம் இல்லை என்று மீட்டரிலும் உறுதி செய்துகொண்டு திறந்தார். அலுமினியக் கேபிளை, முனையில் பொருத்த வேண்டிய லக் போடாமல், அப்படியே பித்தளை முனையத்துக்குள் நுழைத்து ஒற்றைத் திருகால் அழுத்தியிருந்தார்கள். அலுமினியம் மென்மையானது, சூடாகி ஆறி, சூடாகி ஆறி, திருகின் அழுத்தத்துக்கு மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். மேற்பரப்பில் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு விரல் நீளத்துக்கு இன்சுலேஷன் பழுப்பேறி உடையும் பதத்தில் இருந்தது, இழைகள் கறுத்திருந்தன. பளபளக்கும் உலோகம் தெரியும் வரை வெட்டி, செம்பும் அலுமினியமும் சேர்ந்த பைமெட்டாலிக் லக்கைக் கிரிம்ப் செய்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் பேனலில் குறித்திருந்த அளவுக்கு இறுக்கினார். அதன் பிறகு அடுப்பைப் போட்டாலும் மூன்று பேஸ்களும் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் ஆடவில்லை.

கட்டணத்தை வாங்கிக்கொண்டு அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் நியூட்ரல் தளர்ந்தால் மட்டும் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடாது என்பது அவருக்குத் தெரியும். பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்பதை மட்டுமே அது பார்க்கிறது; நியூட்ரல் தளர்ந்தால் இரண்டும் சேர்ந்தே மாறும். ஆகவே கடைக்குள் எங்கோ ஒரு கசிவும் இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யை அணைத்து, கடையின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே, இன்சுலேஷனை மெகா ஓமில் அளக்கும் மெகர் வைத்தபோது அது சுழியத்தைக் காட்டியது. நியூட்ரல் பட்டையிலிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கழற்றிப் பார்க்க, வாசலில் இருந்த பெயர்ப் பலகையின் வயர் பிடிபட்டது. மழைநீர் புகுந்து, நியூட்ரல் வயர் பலகையின் இரும்புச் சட்டத்தோடு ஈரத்தின் வழியே தொடர்பு கொண்டிருந்தது. அந்தத் தடை சுமார் ஆயிரம் ஓம்.

இப்போது கணக்குப் பாருங்கள். நியூட்ரலில் 1 வோல்ட் இருக்கும்போது அந்த ஈரத்தின் வழியே கசிவது 1 மில்லி ஆம்பியர், யாருக்கும் தெரியாது. 24 வோல்ட் ஏறினால் 24 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் என்று குறித்த ஆர்.சி.சி.பி., 15க்கும் 30க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். அதுதான் அதற்கான விதி. அதனால்தான் சில நாள் விழுகிறது, சில நாள் விழுவதில்லை. எம்.சி.பி.க்களை அணைத்தும் விழுந்ததற்குக் காரணம், ஒற்றைத் துருவ எம்.சி.பி. பேஸை மட்டுமே துண்டிக்கும் என்பது. பெயர்ப் பலகை அணைந்திருந்தாலும் அதன் நியூட்ரல் இணைப்பில்தான் இருக்கிறது. நீங்கள் மாற்றிய இரண்டு ஆர்.சி.சி.பி.க்களும் அநேகமாக நல்லவையே. தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

டிரிப் ஆகாமல் இருக்க 30க்குப் பதில் 300 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்கிறார் மின்சாமான் விற்கும் கடைக்காரர். போடலாமா?

கூடாது. 30 என்பது மனித உயிரைக் காப்பதற்கான அளவு. 300 தீ விபத்தைத் தடுப்பதற்கு மட்டுமே.

விளக்கு மங்கியும் பிரகாசித்தும் தொல்லை தருகிறது. கடை முழுவதற்கும் ஒரு பெரிய ஸ்டெபிலைசர் வாங்கினால் தீருமா?

என் வீட்டுப் பரணில் அப்படி ஒரு ஸ்டெபிலைசர் தூங்குகிறது. விற்றவர் சத்தியம் செய்யாத குறையாகப் பேசி என் தலையில் கட்டியது. நியூட்ரல் தளர்ந்த இடத்தில் ஸ்டெபிலைசர் செய்வதெல்லாம், நோயின் அறிகுறியைச் சில காலம் மறைப்பதுதான். அதற்குள் பேனலில் அந்தத் திருகு இன்னும் சூடாகிக்கொண்டே இருக்கும். நியூட்ரல் முழுவதுமாக விட்டுப்போனால், சுமை குறைந்த பேஸில் வோல்டேஜ் 300க்கு மேல் போகக்கூடும். சாதாரண ஸ்டெபிலைசர் பல அந்த அளவைத் தாங்காது. முதலில் மூன்று பேஸ்களையும், சுமை இருக்கும்போதும் இல்லாதபோதும், அளந்து எழுதி வாங்குங்கள். பழுதைச் சரிசெய்த பிறகும் பாதுகாப்பு வேண்டுமென்றால், வோல்டேஜ் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே ஒன்றை வாங்கலாம்.

நியூட்ரல் கழன்று என் கடையில் இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரு ஃப்ரிட்ஜும் எரிந்துவிட்டன. வோல்டேஜ் கூடியதால் வாரன்டி இல்லை என்கிறார் விற்றவர். சில மாதங்களுக்கு முன் பேனல் வேலை செய்தவர், "என் வேலையில் குறை இல்லை" என்று போனை வைத்துவிட்டார். நான் யாரைக் கேட்பது?

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, அம்மா. கட்டடத்தின் நியூட்ரலை இறுக்கிப் பார்ப்பது வாடகைக்கு இருப்பவரின் வேலையன்று. பொருளை விற்றவர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. மிகை வோல்டேஜால் எரிந்தால் வாரன்டி செல்லாது என்று பல வாரன்டி அட்டைகளில் இருக்கிறது. ஆகவே அவரோடு சண்டையிட்டு நேரத்தை இழக்காமல், பேனல் வேலை செய்தவரையும் கட்டட உரிமையாளரையும் குறி வையுங்கள்.

கருகிய முனையத்தையும் அதிலிருந்து வெட்டிய கேபிள் துண்டையும் யாரும் குப்பையில் போட விடாதீர்கள். தேதியிட்ட உறையில் வைத்து, அது இருந்த இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பழுது பார்த்த எலக்ட்ரீஷியனிடம் மூன்று விவரங்களை எழுதி வாங்குங்கள்: எந்த இணைப்பு தளர்ந்திருந்தது, லக் போட்டிருந்ததா, சரிசெய்யும் முன்னும் பின்னும் வோல்டேஜ் எவ்வளவு. பேனல் வேலைக்கான பில்லும் இந்த அறிக்கையும் ஒரே இணைப்பைச் சுட்டினால், போனை வைத்துவிட்டவர் கட்டாயம் பேச வருவார். இணைப்பு மீட்டருக்கு முன்னால் விட்டிருந்தால் புகார் மின் வழங்குவோரிடம் போக வேண்டும். அதற்கும் இதே அறிக்கைதான் ஆதாரம்.

பில் இல்லாமல் மலிவாகக் கிடைத்ததென்று, நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டையான நியூட்ரல் லிங்க்கும் எம்.சி.பி.யும் வாங்கினேன். லிங்க் சூடாகிறது. திருகை நானே இறுக்கிவிடலாமா?

முதலில், மெயினை அணைக்காமல் நியூட்ரலில் கை வைக்காதீர்கள். அது மும்முனைப் பொது நியூட்ரல் என்றால், இறுக்கப் போய் அது கழன்ற நொடியில் கட்டடம் முழுவதும் உள்ள பொருள்கள் எரியக்கூடும். கழன்ற முனையைத் தொடுபவருக்கு அதுவே பேஸைப் போல உயிரை வாங்கும். பில் இல்லாமல் வாங்கிவிட்டு என்னிடம் நீதி கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

லிங்க்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இது என் நெடுநாள் ஆற்றாமை. பேஸுக்கு விலையுயர்ந்த எம்.சி.பி.யைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள், அதே மின்னோட்டம் திரும்பி வரும் நியூட்ரல் பட்டையைப் பார்ப்பதே இல்லை. கடைக்காரர் கொடுப்பதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். பித்தளையிலோ செம்பிலோ காந்தம் ஒட்டாது. பட்டையில் ஒட்டினால் அது மஞ்சள் முலாம் பூசிய இரும்பு. நான் வாங்கி வந்த ஒன்றில் நன்றாகவே ஒட்டியது. திருகுகள் இரும்பாக இருக்கலாம், அது குறையன்று. ஆனால் பட்டை பிளவுபடாத ஒரே துண்டாகவும், ஒவ்வொரு வயருக்கும் தனித் துளையோடும் இருக்க வேண்டும். இடமில்லை என்று ஒரே துளையில் மூன்று வயர்களை முறுக்கி நுழைத்தால், திருகு ஒன்றை மட்டும் அழுத்தும். மற்ற இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவே. வெறும் டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது; நியூட்ரல் முழுவதுமாக விட்டுப்போனாலும் பேஸில் அது பிரகாசமாகவே எரியும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லிங்க்கை மாற்றச் சொல்லுங்கள். மீட்டர் இல்லாமல் டெஸ்டரோடு மட்டும் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.