காலாண்டு ஆய்வுக் கூட்டமும் மார்ச் 31-ம்

*கேள்வி: ஒரகடத்தில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலைக்கு 18 பேருந்துகளை ஒப்பந்தத்தில் ஓட்டுகிறேன். என் வருமானத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரே நிறுவனத்திலிருந்து வருகிறது. ஒப்பந்தம் மார்ச் 31-ல் முடிகிறது. பொங்கல் விடுமுறைக்கு அடுத்த வாரம் காலாண்டு ஆய்வுக் கூட்டம். நிகழ்ச்சி நிரலை நீங்களே அனுப்புங்கள் என்று அவர்களின் நிர்வாக மேலாளர் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டுமென்றால் அதில் எதை, எந்த வரிசையில் வைக்க வேண்டும்? மூன்று மாதக் கணக்கை இத்துடன் இணைத்துள்ளேன். — வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்*

நிரலைத் தயாரிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பது நல்லது. பெரும்பாலான ஒப்பந்ததாரர்கள் இந்த வாய்ப்பைத் தங்கள் நிறுவனத்தின் பெருமையைப் பேசும் திரைக்காட்சிக்குச் செலவிட்டுவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் புதுப்பித்தலைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பல ஆண்டுகள் வாங்கும் தரப்பில் உட்கார்ந்து அந்தக் காட்சிகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அங்கே முடிவெடுப்பவருக்கு வேண்டியது அதுவல்ல. மறு ஒப்பந்தப்புள்ளி கோராமல் இவரையே ஏன் தொடரச் செய்ய வேண்டும் என்று நிர்வாக மேலாளர் தம் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதியாக வேண்டும். அந்தக் குறிப்புக்கான தரவும் காரணமும் கூட்டம் முடிகையில் அவர் கையில் இருக்கும்படி உங்கள் நிரல் அமைய வேண்டும்.

நிரலுக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் தாளின்படி அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆட்களை ஏற்றிவந்த நடைகள் 3,040. அவற்றில் தாமதமானவை 97. அதே தாளின் ஓரத்தில், தொழிற்சாலையின் கணக்கில் தாமதம் 131 என்று பென்சிலில் குறித்திருக்கிறீர்கள். உங்கள் எண்ணை வைத்தால் நேரந்தவறாமை 96.8 சதவீதம், அவர்கள் எண்ணை வைத்தால் 95.7. ஒப்பந்தம் கேட்பதோ 96. ஆகவே இடைப்பட்ட அந்த 34 நடைகளும் நீங்கள் தேறினீர்களா இல்லையா என்பதையே தீர்மானிக்கின்றன. இந்த வேறுபாடு கூட்டத்தில் வெளிப்பட்டால் எந்தக் கணக்கு சரி என்ற வாதத்திலேயே முழு நேரமும் போய்விடும். புதுப்பித்தலைப் பேச எவருக்கும் மனம் இருக்காது.

வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வாயிலில்தான் கிடைக்கும். நீங்கள் ஜி.பி.எஸ். காட்டும் நேரத்தை எடுக்கிறீர்கள். அவர்கள் வாயில் காவலர் பதிவேட்டில் எழுதிய நேரத்தை எடுக்கிறார்கள். காலை ஷிஃப்டுக்கு ஏழெட்டுப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும்போது, கடைசிப் பேருந்தின் எண் பதிவேட்டில் ஏறுவதற்குள் ஐந்தாறு நிமிடம் ஓடிவிடும். எனவே அந்த 34 நடைகளுக்கு மட்டும் இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, உங்கள் போக்குவரத்து மேற்பார்வையாளரையும் அவர்களின் போக்குவரத்து அலுவலரையும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்காரச் செய்யுங்கள். வாயில் வரிசையால் வந்தது தெளிவானால் நீக்கச் சொல்லுங்கள். உங்களிடம் சான்று இல்லாதவற்றைத் தாமதமென்றே ஒப்புக்கொள்ளுங்கள். இருவரும் கையெழுத்திட்ட ஓர் எண் மட்டுமே கூட்டத்துக்குப் போக வேண்டும். அந்த எண் 96-க்குக் கீழே நின்றாலும் பரவாயில்லை, ஏனென்றால் ஒப்புக்கொண்ட எண்ணிலிருந்துதான் காரணத்தைப் பேச முடியும். அடுத்த காலாண்டு முதல் எந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பது என்பதையும் அப்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

இனி நிரல். எழுபத்தைந்து நிமிடம் கேளுங்கள். முதல் ஐந்து நிமிடம் சென்ற கூட்டத்தில் ஒப்புக்கொண்டவை முடிந்தனவா என்பதற்கு. அடுத்த பதினைந்து நிமிடம் காலாண்டின் நடப்புக்கு, அதுவும் ஒரே பக்கத் தாளில். இந்தக் காலாண்டில் பாதுகாப்பு தொடர்பான புகார் ஏதும், குறிப்பாக இரவு நடையில் வரும் பெண் பணியாளர்களிடமிருந்து, வந்திருந்தால் நேரக் கணக்குக்கு முன்பே அதை எடுத்து, என்ன செய்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் எடுக்கும்வரை காத்திருந்தால் மறைத்ததாகவே படும்.

அதன்பின் இருபது நிமிடத்தை ஒரேயொரு சிக்கலுக்கு ஒதுக்குங்கள். கூட்டத்தின் நடுப்பகுதி இதுதான். உங்கள் 97 தாமதங்களில் 41 அரக்கோணம் தடத்தில் மட்டும் நேர்ந்தவை. மழை நாட்களில் 19, வழியில் பழுதாகி நின்றவை 9, மீதமுள்ள 28 மற்றத் தடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒப்பந்தம் போட்டபோது அரக்கோணம் தடத்தில் 14 நிறுத்தங்கள் இருந்தன, இப்போது 19 இருக்கின்றன. கூடுதலான ஐந்தும் பணியாளர்கள் கேட்டு, அவர்களின் அலுவலகம் வாய்மொழியாகச் சரியென்று சொன்னதால் சேர்ந்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். வேகம் குறைத்து, நிறுத்தி, ஆள் ஏற்றி, மறுபடி வேகம் பிடிக்க ஒரு நிறுத்தத்துக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தாலும் ஏழரை நிமிடம் கூடுகிறது. அந்தத் தடத்தின் தாமதங்களில் பெரும்பாலானவை பத்து நிமிடத்துக்கு உட்பட்டவை என்று உங்கள் தாளே காட்டுவதால் காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை.

ஆனால் இதை நிரலில் "கூடுதல் நிறுத்தங்களால் ஏற்படும் தாமதம்" என்று எழுதிவிடாதீர்கள். படிப்பவருக்கு, வாய்மொழியாக அனுமதித்த தம்மைக் குற்றம் சொல்வதாகவே படும். குறிப்பு எழுத வேண்டியவரும் அவரே. "அரக்கோணம் தடம்: மூன்று மாற்றுவழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்" என்று எழுதுங்கள். பேருந்து பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவது ஒரு வழி. இதற்குச் செலவில்லை, ஆனால் பணியாளர்கள் முணுமுணுப்பார்கள். அடுத்தடுத்து இருக்கும் நிறுத்தங்களை இணைத்து 15-க்குக் கொண்டுவருவது இரண்டாவது. தடத்தை இரண்டாகப் பிரிப்பது மூன்றாவது. அதற்கு வண்டி வேண்டும்.

அந்த வண்டி உங்கள் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வரும் 50 இருக்கைப் பேருந்து ஒன்றில் சராசரியாக 19 பேர்தான் வருகிறார்கள். அதை அரக்கோணத்துக்கு மாற்றிவிட்டு, வாலாஜாபாத்துக்கு 26 இருக்கை வேன் ஒன்றை விட்டால், மொத்த வண்டிகளின் எண்ணிக்கை ஒன்று கூடினாலும் நீங்கள் முன்னிறுத்துவது காலி இருக்கையைப் பயனுக்குக் கொண்டுவரும் திட்டமாக இருக்கும். அரக்கோணத்தை இணைப்பு நிறுத்தங்களோடு சமாளித்துவிட்டால் பெரிய பேருந்துக்குப் பதில் வேன் மட்டும் போதும், அவர்களுக்கு மாதச் செலவே குறையும். இரண்டுக்கும் தொகையைப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பில் குறையும் ஒரு யோசனையை நீங்களே மேசையில் வைப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம். மூன்று ஒப்பந்ததாரர்களிடம் விலைப்புள்ளி வாங்கிப் பார்ப்போமா என்று கொள்முதல் துறை கேட்கும்போது நிர்வாக மேலாளர் எடுத்துக்காட்டப் போவது அந்தத் தாளைத்தான்.

அடுத்த பதினைந்து நிமிடம் அவர்கள் பேச வேண்டும், நீங்கள் குறிப்பெடுக்க வேண்டும். ஏப்ரலுக்குப் பின் புதிய உற்பத்திப் பிரிவு வருகிறதா, ஷிஃப்ட் நேரம் மாறுமா, ஆட்கள் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்படுகிறார்கள், வண்டிகளின் வயதுக்குப் புதிய வரம்பு வரப்போகிறதா என்பவற்றைக் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். எட்டாண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்பதால் பழைய வண்டிகளைத் தவிர்க்க விரும்பும் தொழிற்சாலைகள் உண்டு. மார்ச்சில் தெரிந்தால் உங்களால் வண்டி வாங்க முடியாது, ஜனவரியில் தெரிந்தால் கடனுக்காவது ஏற்பாடு செய்யலாம்.

இதற்குப் பிறகுதான் ஒப்பந்தம். அதற்கும் பதினைந்து நிமிடம். தலைப்பை "மார்ச் 31-க்குப் பிந்தைய ஏற்பாடு: நடைமுறையும் தேதிகளும்" என்று போடுங்கள். புதுப்பிப்பீர்களா என்று நேரடியாகக் கேட்டால், அந்த அறையில் இருக்கும் எவருக்கும் உடனே ஆமென்று சொல்லும் அதிகாரம் இருக்காது, பார்க்கலாம் என்ற பதிலோடு நீங்கள் வெளியே வருவீர்கள். நடைமுறையைக் கேட்டால் பதில் சொல்வதில் அவர்களுக்குச் சங்கடமில்லை. நீட்டிப்பா, புதிய ஒப்பந்தப்புள்ளியா என்பதை யார் முடிவு செய்கிறார், கொள்முதல் துறைக்குக் குறிப்பு எந்தத் தேதிக்குள் போக வேண்டும், எங்களிடமிருந்து எந்தத் தாள் எப்போது வேண்டும் என்ற மூன்று கேள்விகள் போதும். ஒப்பந்தப்புள்ளி கோரினால் ஒன்றரை, இரண்டு மாதம் போகும். பிப்ரவரி நடுவில் எவரும் அசையவில்லை என்றால் மார்ச் கடைசி வாரத்தில் "பழைய விகிதத்திலேயே மூன்று மாத நீட்டிப்பு" என்ற ஒரு மின்னஞ்சல் வரும். இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது அது. எனவே இடைக்கால நீட்டிப்பு வந்தாலும் டீசல் விலைத் திருத்தம் தொடரும் என்பதை இந்தக் கூட்டத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.

விகிதத்தை மட்டும் இங்கே பேசாதீர்கள். விலை மேசைக்கு வந்த நிமிடமே அதுவரை பேசிய எல்லாமே பேரம் என்று ஆகிவிடும். பத்து நாளில் தனிக் கடிதமாக அனுப்புகிறேன் என்று சொல்லி, அதில் டீசல், ஓட்டுநர் சம்பளம், காப்பீடு, டயர் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். உங்கள் வண்டி லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் டீசல் இரண்டு ரூபாய் ஏறும்போது கிலோமீட்டருக்கு 44 பைசா கூடும்; மாதம் 64,800 கிலோமீட்டருக்கு அது ஏறத்தாழ 28,500 ரூபாய். விலை இறங்கினால் அதே கணக்கில் குறைத்துக்கொள்வதாகவும் எழுதுங்கள், அப்போதுதான் கணக்குத் துறை அந்தச் சூத்திரத்தை ஏற்கும். நிலுவை பில்களையும் இந்த நிரலில் சேர்க்க வேண்டாம். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கணக்குத் துறையோடு தனியாகப் பேசிவிடுங்கள்.

யாரை அழைப்பது என்பதில் கவனம் தேவை. ஆலைத் தலைவரையும் கொள்முதல் மேலாளரையும் கடைசி அரைமணிக்கு வரச் சொல்லலாமா என்று நிர்வாக மேலாளரிடம் முதலில் கேளுங்கள், அழைப்பை அவரே அனுப்பட்டும். அவரைத் தாண்டிப் போய் மேலே பேசினால் உங்களுக்காகக் குறிப்பு எழுத ஆளே இருக்காது. உங்கள் பக்கம் நீங்களும் மேற்பார்வையாளரும் போதும். தாள்கள் பொங்கலுக்கு முன்பே அவர்களிடம் சேர வேண்டும். விடுமுறை முடிந்து வரும் நாளில் எவரும் இணைப்பைத் திறந்து பார்ப்பதில்லை.

மீதமிருக்கும் கடைசி ஐந்து நிமிடத்தில், எடுத்த முடிவுகளை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். அன்று மாலையே ஒரு மின்னஞ்சலில், எந்த வேலை, யார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் வரிக்கு ஒன்றாக எழுதி, திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கக் கேட்டு அனுப்புங்கள். கொள்முதல் குறிப்பின் தேதி அந்தப் பட்டியலின் முதல் வரியாக இருக்கட்டும்.