உள்நுழைந்தால்தான் தெரியும் மொத்த விலை

கேள்வி: கொடைக்கானலில் நானும் என் மனைவியும் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறோம். ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் முறையில் பதிவு செய்திருக்கிறோம். சாக்லேட் காம்பவுண்ட் பாளங்களை ஒரு மொத்த வியாபாரியின் இணையதளத்தில் வாங்கலாம் என்று பார்த்தால், ஆவணங்களை அனுப்பி அவர்கள் ஒப்புதல் அளித்த பிறகுதான் விலைப் பட்டியல் கண்ணில் படுமாம். இப்படி விலையை மறைப்பது சட்டப்படி சரியா? நம்பி ஆவணங்களைக் கொடுக்கலாமா?

பதில்: மறைப்பதில் சட்டப் பிழை இல்லை. அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட்டுக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் சில்லறையில் வாங்குபவரைக் காப்பதற்காக வந்தது. வியாபாரிக்கு வியாபாரி சொல்லும் விலை அதில் அடங்காது. சில்லறை வாடிக்கையாளரும் போட்டியாளரும் அடக்க விலையை அறிந்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். ஆளுக்கு ஆள் விலை வேறுபடும் என்பது வெளியே சொல்லப்படாத இன்னொரு காரணம். மாதம் ஒரு டன் எடுப்பவருக்கும் உங்களுக்கும் ஒரே பக்கத்தில் வெவ்வேறு எண்கள் தெரியக்கூடும். ஆகவே திரையில் காணும் விலையை ஊருக்கே பொதுவான விலை என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆவணம் அனுப்பும் முன், அவர்களுடைய 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அரசின் services.gst.gov.in தளத்தில் 'Search Taxpayer' என்ற பகுதியில் அதை இட்டால், கணக்கு எதுவும் இல்லாமலே பதிவின் சட்டப்பூர்வப் பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரிந்துவிடும். பணம் செலுத்தச் சொல்லும் வங்கிக் கணக்கு அந்தப் பெயரில் இல்லையென்றாலோ, விலையைக் காட்டுவதற்கே 'ஒப்புதல் கட்டணம்' கேட்டாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. சான்றிதழும் உணவுப் பாதுகாப்புப் பதிவின் நகலும் கேட்பது நியாயம். ஆதார் நகலுக்கு இங்கே வேலை இல்லை.

ஒப்புதல் கிடைத்துப் பட்டியல் திறந்த பிறகுதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். திரையில் கிலோ 240 ரூபாய் என்றும், உங்களுக்கு வழக்கமாகப் போடும் வத்தலக்குண்டு வியாபாரி கடை வாசலில் இறக்கி, வரி உட்பட 265 ரூபாய் வாங்குகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 25 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பட்டியலின் அடியில், குறைந்தது ஐந்து பெட்டி, பெட்டிக்கு 10 கிலோ, வரியும் லாரி வாடகையும் தனி என்று இருக்கும். 50 கிலோவுக்கு 12,000 ரூபாய். 5 சதவீத வரி 600. மலைக்கு மேலே வந்து சேர லாரி வாடகை 900 என்றால் மொத்தம் 13,500, அதாவது கிலோ 270 ரூபாய். காம்போசிஷன் முறையில் இருப்பதால் கொள்முதலில் கட்டிய அந்த 600 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக நீங்கள் எடுக்க முடியாது. அது அடக்க விலையோடு ஒட்டிக்கொள்ளும். மிச்சம் என்று நினைத்தது கிலோவுக்கு 5 ரூபாய் நஷ்டமாகிறது. போதாததற்கு, ஒரு பெட்டி போதுமான இடத்தில் ஐந்து பெட்டிச் சரக்கில் உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும்.

பட்டியல் விலை பொதுவாக ஓர் அழைப்பு மட்டுமே. உங்கள் ஆர்டரை அவர்கள் ஏற்ற பிறகே ஒப்பந்தம் உண்டாகிறது. பல பட்டியல்களில் 'அனுப்பும் நாளின் விலையே செல்லும்' என்ற வரியும் இருக்கும். அதனால் பணம் கட்டும் முன் வரி, வாடகை, விலை செல்லுபடியாகும் நாள் எல்லாம் குறித்த ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். உள்நுழைவு நாளை பறிக்கப்பட்டாலும் அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கும்.

தகராறு வந்தால் எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மறுவிற்பனைக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். நீங்கள் பாளத்தை அப்படியே விற்காமல், சுயதொழிலாகப் பிழைப்புக்காகச் சாக்லேட் ஆக்குவதால், சட்டத்தில் உள்ள விளக்கத்தைக் காட்டி வாதிட இடமுண்டு. ஆனால் வெற்றி உறுதி என்று சொல்லமாட்டேன். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமோ, வேறு உடன்பாடு இல்லாதபோது, சரக்கை லாரியில் ஏற்றிக் கொடுப்பதையே பொதுவாக உங்களிடம் ஒப்படைத்ததாகக் கொள்கிறது. சித்திரை வெயிலில் சமவெளியில் உருகி, மேலே வந்து வெள்ளை பூத்த பாளங்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கேதான் எழும். வழியில் நேரும் சேதம் விற்பவரைச் சேரும் என்று ப்ரோஃபார்மாவிலேயே எழுதி வாங்குங்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்து, சேதம் இருந்தால் லாரி ரசீதிலேயே குறித்த பிறகு கையெழுத்திடுங்கள்.