வுட்ஸ்டாக் மாதிரி பிரம்மாண்டமான திறந்தவெளி ராக் விழாக்கள் எப்படி ஆரம்பித்தன? அவற்றில் உயிர்ப்பலி வரை போனது ஏன்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ராக் இசையில் பெரிய ஞானம் கிடையாது. நான் மேடை போடுகிறவன். அதனால் இந்த விழாக்களை நான் பார்க்கிற கோணமே வேறு. ரசிகர்கள் கமெண்டில் சண்டைக்கு வரவேண்டாம்.

நீங்கள் ஏதாவது ஆவணப்படம் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கலிபோர்னியாவின் மான்டெரே விழாவைத் தாண்டி வந்திருப்பீர்கள். 1967 ஜூனில் நடந்த அதுதான் பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் முன்மாதிரி. அது நடந்த கண்காட்சி மைதானத்தில் 1958 முதலே ஜாஸ் விழா நடந்துவந்தது. சுற்றுவேலி, வாசல், நாற்காலி, கழிப்பறை எல்லாம் ஏற்கெனவே தயார். அங்கே பிரச்சினை வராததற்குப் பாதிக் காரணம் இதுதான். அடுத்து வந்தவர்கள் பாட்டை மட்டும் பார்த்தார்கள், மைதானத்தைப் பார்க்கவில்லை.

வுட்ஸ்டாக் 1969 ஆகஸ்டில். முதலில் நியூயார்க் மாகாணத்து வால்கில் என்ற ஊரில் இடம் பிடித்து வேலையும் ஆரம்பித்துவிட்டார்கள். ஜூலை நடுவில் அந்த ஊர் அனுமதி மறுத்தது. சொன்ன காரணம், தற்காலிகக் கழிப்பறைகள் ஊர் விதிக்கு ஒத்துவரவில்லையாம். அதன்பிறகு பெத்தல் என்ற ஊரில் மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலம் கிடைத்தபோது கையில் ஒரு மாதம்கூட இல்லை. விழாவுக்குச் சில நாள் முன்பு, வேலி, மேடை இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை. மேடையை முடித்தார்கள். வேலி இல்லாததால் டிக்கெட்டும் இல்லாமல் போனது, நான்கு லட்சம் பேருக்கு மேல் வந்ததாகச் சொல்கிறார்கள். 'இலவச விழா' என்று இன்றைக்குப் பெருமையாகப் பேசுவது வேலை முடியாததால் வந்த வினை. சாலைகள் அடைத்துக்கொண்டு, பாடகர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள்.

ஆனாலும் மேடை முன்னால் நெரிசலில் யாரும் சாகவில்லை. (தூங்கிக்கொண்டிருந்த ஒரு இளைஞர்மேல் டிராக்டர் ஏறியது, அது தனிக்கதை.) என் கணிப்பில் காரணம் நிலத்தின் அமைப்பு. கிண்ணம் மாதிரிச் சரிவு, அடியில் உயரமான மேடை, முன்னால் மரத்தடுப்பு. பின்னால் உட்கார்ந்திருந்தாலும் மேடை தெரியும், முண்டியடிக்க வேண்டிய அவசியமில்லை.

நாலே மாதத்தில், டிசம்பர் 6 அன்று, கலிபோர்னியாவின் ஆல்டமான்ட்டில் இது தலைகீழானது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழு நடத்திய இலவசக் கச்சேரி. சான் பிரான்சிஸ்கோ பூங்கா கைவிட்டுப் போனது, அடுத்துப் பிடித்த சியர்ஸ் பாயின்ட் பந்தயத்திடலும் பணத் தகராறில் போனது, இரண்டு நாள் முன்புதான் ஆல்டமான்ட் கார் பந்தயத்திடல் முடிவானது. சியர்ஸ் பாயின்ட்டில் மேடை மேட்டின்மேல் வருவதாக இருந்ததால் ஒரு மீட்டர் உயரமே போதும் என்று செய்திருந்தார்கள். அதே மேடையைத் தூக்கிவந்து ஆல்டமான்ட்டில் சரிவின் அடியில் வைத்தார்கள். ஒரு மீட்டர் என்றால் நம் இடுப்பளவு. மூன்று லட்சம் பேர் மேலேயிருந்து கீழே சரிகிறார்கள், முன்னால் நிற்பவன் கையை ஊன்றினால் மேடைக்கு ஏறிவிடலாம். உருப்படியான தடுப்பு எதுவும் இல்லை. அதை ஈடுகட்ட ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார்சைக்கிள் கும்பலை மேடையைச் சுற்றி உட்காரவைத்தார்கள், கூலி 500 டாலருக்கு பீர். ஒரு பாடகரையே மேடையில் அடித்து மயக்கமடைய வைத்தார்கள். துப்பாக்கி எடுத்த 18 வயது மெரிடித் ஹன்டர் கத்தியால் குத்தப்பட்டு மேடைக்கு எதிரிலேயே இறந்தார். அன்று மொத்தம் நாலு பேர் செத்தார்கள். எல்லோரும் ஏஞ்சல்ஸைத்தான் திட்டுவார்கள், திட்டட்டும், நியாயம்தான். நான் அந்த மேடையின் உயரத்தைத்தான் முதலில் சொல்வேன்.

இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், எங்கள் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் இதே கூத்தைப் பார்த்திருக்கிறேன். மேடைக்கான பேரிகேட் 'A' வடிவத்தில் இருக்கும். கூட்டத்துப் பக்கம் ஒரு தகடு தரையோடு நீட்டிக்கொண்டிருக்கும், முன்வரிசை அதன்மேல்தான் நிற்கும். எவ்வளவு தள்ளினாலும் அவர்கள் எடையே பேரிகேட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் ஒரு படி, அதில் காவலர் நின்று மயங்குகிறவர்களைத் தூக்கி எடுப்பார். மேடைக்கும் அதற்கும் நடுவே காலியாக விடுகிற இடத்தைப் பிட் என்போம். அந்தப் பிட்டில் விஐபி சோபா போடவேண்டும் என்றார்கள். முடியாது என்றோம். சரி, பேரிகேட்டே வேண்டாம் என்று சவுக்குக் கம்பு கட்டிக் கயிறு இழுத்துவிட்டார்கள், வாடகை மிச்சம். பாட்டு சூடானதும் கம்பு வளைந்தது, சோபாவில் இருந்தவர்கள் முதலில் ஓடினார்கள். நாங்கள் மேடை ஓரத்தில் படுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கையைப் பிடித்து மேலே இழுத்தோம். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் பில் தொகையை மட்டும் 'மேடை சேதம்' என்று சொல்லிப் பாதியாக வெட்டினார்கள், மீதிக்கு அலையவிட்டார்கள். இந்தத் தொழிலில் பாடகருக்கு முன்பணம், கம்பி தூக்குகிறவனுக்குப் பின்பணம். அது இருக்கட்டும்.

'அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் அப்படி நடத்துகிறார்கள்' என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். அவருக்கு டென்மார்க்கின் ரோஸ்கில்டு. 1971 முதல் நடந்துவரும், பழுத்த அனுபவமுள்ள விழா. 2000 ஜூன் 30 இரவு பேர்ல் ஜாம் என்ற ராக் குழு வாசித்தபோது மேடை முன்னால் ஒன்பது இளைஞர்கள் மாட்டிக்கொண்டார்கள், எட்டுப் பேர் அன்றே, ஒருவர் சில நாள் கழித்து இறந்தார். அடிதடி இல்லை, ஏஞ்சல்ஸ் இல்லை. மழை, வழுக்கும் தரை, காற்றில் ஒலி சிதறியதால் பின்னால் இருந்தவர்கள் சரியாகக் கேட்கவேண்டி முன்னால் நகர்ந்தார்கள். சிலர் விழுந்தார்கள், அவர்கள்மேல் மற்றவர்கள். பின்னால் தள்ளியவர்களுக்கு முன்னால் நடப்பது எதுவும் தெரியாது. பாடகர் பாட்டை நிறுத்திப் பின்னால் போகச் சொல்லும்போது காலம் கடந்துவிட்டது.

நெரிசல் சாவு பெரும்பாலும் மிதிபட்டு வருவதில்லை, மூச்சுத்திணறித்தான். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேர் தாண்டினாலே நம் இஷ்டத்துக்கு நடக்கமுடியாது. ஏழு பேர் ஆனால் கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், ஒரு ஓரத்தில் தள்ளியது மறு ஓரம்வரை அலையாகப் போகும். நெஞ்சு விரிய இடமில்லாமல் நின்றபடியே செத்துவிடுவார்கள். மேடையிலிருந்து பார்த்தால் தெரியும். தலைகள் தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல் மொத்தமாகச் சாயும், கை தட்டுவது நிற்கும், கைகள் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டிருக்கும்.

ரோஸ்கில்டுக்குப் பிறகு அங்கே மேடை முன்பகுதியைத் தனித்தனிப் பட்டிகளாகத் தடுத்து, எண்ணித்தான் உள்ளே விடுகிறார்கள். பின்னால் ஐம்பதாயிரம் பேர் இருந்தாலும் அவர்கள் தள்ளுவது முன்வரிசையின் முதுகில் விழாது. இங்கிலாந்தில் 1988ல் டோனிங்டன் விழாவில் நெரிசலில் இரண்டு பேர் செத்த பிறகு, விழா நடத்துகிறவர்களுக்கென்று ஒரு பாதுகாப்புக் கையேடே வந்தது. முன்வரிசையில் இருந்து மேடை நிர்வாகிவரை வயர்லெஸ் வைத்து, பாட்டை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று முன்கூட்டியே பெயர் குறித்துவிடுவது இன்று நல்ல விழாக்களின் வழக்கம். நீங்கள் விழா நடத்தும் எண்ணத்தில் கேட்டிருந்தால், அந்தப் பெயர் ஸ்பான்சருடையதாகவோ பாடகரின் மேனேஜருடையதாகவோ இருக்கக்கூடாது.