பதினொரு வேலைகள், பதினெட்டு மணி நேரம்

*அம்மா, வணக்கம். சென்னிமலையில் ஆறு தையல் இயந்திரங்கள் வைத்துத் தலையணை உறையும் விரிப்பும் தைத்துக் கொடுக்கிறேன். கணவர் பெருந்துறையில் வேலை செய்கிறார். 6-ம் தேதி திங்கட்கிழமை தொடங்கும் வாரத்துக்கு என் பட்டியல் இது: கரூர் வியாபாரிக்கு 400 உறைகளை வியாழக்கிழமை லாரியில் ஏற்ற வேண்டும், 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்கு, ஓவர்லாக் இயந்திரத்தில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, சேலம் கடையிலிருந்து மூன்று மாதமாக 62,000 ரூபாய் வரவில்லை, நேரில் போக வேண்டும், வாட்ஸ்அப்பில் விலை கேட்பவர்களுக்குப் பதில், உறைக்கு அடக்கவிலை என்ன என்று கணக்குப் போடுவது, புதிய விசிட்டிங் கார்டும் பெயர்ப்பலகையும், மகளிர் குழுவின் கணக்கு நோட்டு, வெள்ளிக்கிழமை நாத்தனார் வீட்டுப் புதுமனைப் புகுவிழா, சீர் வாங்க வேண்டும், சனிக்கிழமை பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம், மாமியாருக்குப் பத்து நாளாகக் காலில் சின்னப் புண், சர்க்கரை உண்டு, வலி இல்லை என்கிறார், நேரம் கிடைத்தால் காட்ட வேண்டும். எல்லாமே அவசரம். நாளொன்றுக்கு எனக்கு மூன்று மணி நேரம்தான் மிஞ்சுகிறது. எதை விடுவது, எதை யாரிடம் கொடுப்பது?*
*— ஒரு வாசகி, சென்னிமலை*

அன்புள்ள சகோதரி,

உங்கள் பட்டியலின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அது கடைசியில் இருந்ததுதான் எனக்குக் கவலை தந்தது. சர்க்கரை நோய் நெடுநாள் இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகக்கூடும். புண் ஆழமானாலும் வலி தெரியாது. காலுக்குப் போகும் இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. விரலை எடுக்க நேர்ந்த பலருக்கு, ‘வலிக்கவில்லை’ என்று விட்ட ஒரு சின்னப் புண்ணில்தான் எல்லாம் தொடங்கியது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே ஆசிரியர் குழுவினரைக் கொண்டு உங்களை அழைத்து, திங்கட்கிழமை காலையிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்லச் சொன்னேன். புண்ணைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், நாற்றம், காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று தெரிந்தால் திங்கட்கிழமை வரைகூடப் பொறுக்கக் கூடாது என்றும் சொல்லச் சொன்னேன்.

நீங்கள் எழுதிய வாரம் இந்த இதழ் வருவதற்குள் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த மாதமும் 11-ம் தேதி வரும், லாரி வரும். அதனால் அந்தப் பட்டியலையே வைத்துப் பேசுவோம்.

அந்தப் புண் ஏன் கடைசிக்குப் போனது? அதற்காக யாரும் உங்களுக்குப் போன் செய்யவில்லை. கரூர் வியாபாரி செய்கிறார், நாத்தனார் செய்கிறார், வாட்ஸ்அப் நிமிடத்துக்கொரு முறை ஒலிக்கிறது. சத்தம் போடும் வேலையை அவசரம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. 2018-ல் நுகர்வோர் நடத்தை பற்றிய ஓர் ஆய்விதழில் இதைச் சோதனைகளோடு எழுதினார்கள். பலன் கூடுதலான வேலை கையில் இருந்தும், கெடு குறுகிய, பலன் குறைந்த வேலையைப் பலர் எடுத்தார்கள். தங்களுக்கு எப்போதும் வேலை அதிகம் என்று நினைப்பவர்களிடம் இது இன்னும் வலுவாக இருந்தது. எந்த வேலைக்கு என்ன பலன் என்பதைக் கண்முன் வைத்தபோது அந்தச் சாய்வு குறைந்தது.

இந்தக் கடைசிச் செய்தி உங்களுக்குப் பயன்படும். அமெரிக்க அதிபராக இருந்த ஐசன்ஹோவர் 1954-ல் ஓர் உரையில், அவசரமானதும் முக்கியமானதும் வேறு வேறு என்று ஒரு கல்லூரித் தலைவர் சொன்னதை மேற்கோள் காட்டினார். அதை ஒட்டிப் பிற்காலத்தில் வந்த நான்கு கட்டங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: அவசரமும் முக்கியமும், முக்கியம் மட்டும், அவசரம் மட்டும், இரண்டும் இல்லாதது. கட்டம் போடுவது எளிது. எந்த வேலை எந்தக் கட்டம் என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறோம், ஏனென்றால் அவசரம் என்ற சொல்லுக்கு நமக்கு அளவுகோல் இல்லை. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு வரி எழுதுங்கள். இந்த வாரம் இதைச் செய்யாவிட்டால் எந்தக் கிழமை, யாருக்கு, என்ன நேரும்? இதைச் செய்யாமலே விட்டால் ஓர் ஆண்டில் என்ன இழப்பு? முதல் வரி அவசரத்தைச் சொல்லும், இரண்டாவது முக்கியத்தைச் சொல்லும். முதல் வரியில் கிழமையை எழுத முடியவில்லை என்றால் அது அவசரம் இல்லை, யார் எத்தனை முறை கூப்பிட்டாலும்.

ஜி.எஸ்.டி. கணக்கை வைத்துப் பாருங்கள். நீங்கள் மாதந்தோறும் தாக்கல் செய்கிறவர். ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவம் 11-ம் தேதி தாண்டினால், 14-ம் தேதி உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் உங்கள் பில் கரூர் வியாபாரிக்குத் தெரியாது. அடுத்த மாதப் பட்டியலில்தான் வரும். அவருக்கு வரி வரவு ஒரு மாதம் தள்ளிப்போகும், அவர் உங்கள் பணத்தைத் தள்ளிப்போடுவார். இங்கே ஒரு நாள் தவறினால் ஒரு மாதம் போகிறது. சேலம் பாக்கி இதற்கு நேர்மாறு. அது பெரிய தொகை, மிக முக்கியம். ஆனால் மூன்று மாதமாக நிற்கும் பணம் இன்னும் எட்டு நாள் நின்றால் நிலைமை மாறாது. இந்த வாரம் அரை மணி நேரம் போதும். தேதி வாரியாகப் பில் எண்ணும் தொகையும் எழுதி அனுப்பி, ‘14-ம் தேதி செவ்வாய்க்கிழமை நேரில் வருகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். தள்ளிவைப்பது என்றால் நோட்டில் ஒரு தேதியும் எதிராளிக்கு ஒரு சொல்லும் வேண்டும். ‘அப்புறம்’ என்று எழுதிய வேலை தள்ளிவைக்கப்பட்டதாகாது.

இனி நேரம். உங்கள் பட்டியலுக்கு நானே தோராயமாக மணிக்கணக்கு போட்டேன். சேலத்துக்குப் போய்வர ஆறு, உறைகளைச் சரிபார்த்துக் கட்ட எட்டு, மருத்துவமனைக்கு நான்கு, வாட்ஸ்அப்புக்கு நாளுக்கு ஒன்று என்று எழுதி, மற்ற வேலைகளையும் சேர்த்துக் கூட்டினால் நாற்பத்தெட்டு மணி வருகிறது. உங்களிடம் இருப்பது பதினெட்டு. இந்தக் கூட்டலைப் போடாமல் கட்டம் மட்டும் போட்டால் முக்கியமானவையே முப்பது மணி நேரம் நிற்கும், வாரக் கடைசியில் உங்களையே நொந்துகொள்வீர்கள்.

முதலில் அடித்துவிட வேண்டியது விசிட்டிங் கார்டும் பெயர்ப்பலகையும். ஆறு இயந்திரங்களும் ஓடும் அளவுக்கு ஆர்டர் இருக்கிறது. இரண்டாவது வரியில் எழுத உங்களுக்கு ஒன்றும் இருக்காது. அடுத்த வாரத்துக்கு நகர்த்தாமல் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். அச்சகத்தில் ஏற்கெனவே பேசியிருந்தால் இப்போது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது வரை அந்த வேலை உங்கள் தலையில்தான் இருக்கும்.

நாத்தனார் வீட்டு விழா அப்படி இல்லை. அங்கே போவது முக்கியம், சீர் வாங்கக் கடை கடையாக ஏறுவது முக்கியம் இல்லை. ஒரு வேலைக்குள் இப்படி இரண்டு வேலை ஒளிந்திருக்கும், பிரித்துப் பார்க்க வேண்டும். சீரைக் கணவர் வேலையிலிருந்து திரும்பும்போது வாங்கி வரட்டும், நீங்கள் விழாவுக்கு இரண்டு மணி நேரம் போய்வாருங்கள். மாமியாரை மருத்துவரிடம் அழைத்துப்போவதையும் அவரே, அந்த அம்மாவின் மகனே, செய்யலாம். அரை நாள் விடுப்பு எடுக்கட்டும். புண் எப்போது வந்தது, எப்படி வந்தது, என்ன மாத்திரைகள், கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவு எவ்வளவு என்று ஒரு தாளில் நீங்கள் எழுதிக் கொடுங்கள். வீட்டில் இதெல்லாம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பது என் ஊகம்.

பிறரிடம் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் அடி வாங்கினேன். இளவயதில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் இருந்தபோது, ஒரு சரக்கைக் கட்டும் பொறுப்பைப் புதிதாக வந்த பையனிடம் ‘பார்த்துக்கொள்’ என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு அளவுகளின் லேபிள்கள் மாறிப்போய்ச் சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. திட்டு அவனுக்குக் கிடைத்தது, தவறு என்னுடையது. முடிந்த வேலை எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

உங்கள் 400 உறைகளை மூத்த தையல்காரரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது சரியாகத் தைத்து மடித்த ஓர் உறையை மாதிரியாக அவர் மேசையில் வையுங்கள். இருபது உறைகளுக்கு ஒரு கட்டு, புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இருபது கட்டு என்று சொல்லுங்கள். நீளம் குறைந்த உறையோ கறைபட்ட உறையோ வந்தால் அவரே முடிவு செய்யாமல் தனியே எடுத்து வைக்கட்டும். செவ்வாய்க்கிழமை மதியம் முதல் இரண்டு கட்டுகளை நீங்கள் பிரித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், திருத்த ஒரு நாள் இருக்கும். எட்டு மணி நேரம் மூன்றாகக் குறையும், சுழியமாகாது. ஓவர்லாக் இயந்திரத்தை முதல் நாளே கவனிக்க வேண்டும். அது நின்றால் வியாழக்கிழமை லாரி காலியாகப் போகும். மெக்கானிக்கை அழைப்பது மட்டும் உங்கள் வேலை, அவர் வந்ததும் கூட நிற்பது அந்த இயந்திரத்தில் தைப்பவரின் வேலை. அவருக்குத்தான் நூல் எந்தத் துணியில், எந்த வேகத்தில் அறுகிறது என்று தெரியும்.

ஜி.எஸ்.டி.யை ஆடிட்டர் அலுவலகம் செய்யும். ஆனால் பில்கள் 8-ம் தேதி புதன்கிழமைக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். தாக்கலை உறுதிசெய்யும் ஓ.டி.பி. உங்கள் கைபேசிக்கு வரும். வெள்ளிக்கிழமை விழாவில் கைபேசியைப் பையில் போட்டுவிட்டால், கொடுத்த வேலை உங்களாலேயே நின்றுபோகும். வியாழன் மாலையே முடித்துவிடச் சொல்லுங்கள்.

மகளிர் குழுக் கணக்கை இந்த ஒரு மாதம் இன்னோர் உறுப்பினர் எழுதட்டும். வரவு செலவுச் சீட்டுகளை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தால் போதும்.

வாட்ஸ்அப்பில்தான் உங்களோடு வாதாட வேண்டியிருக்கும். உடனே பதில் சொல்லாவிட்டால் ஆர்டர் போய்விடும் என்பீர்கள். பழைய வாடிக்கையாளர் அழைத்தால் எடுங்கள். புதிதாக விலை கேட்பவர்களுக்கு விலைப்பட்டியலின் படம் ஒன்றை வைத்துக்கொண்டு, இரவு ஏழு மணிக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாருக்கும் அனுப்புங்கள். இரண்டு வாரம் செய்து, புதிய ஆர்டர்களை முந்தைய இரண்டு வாரத்தோடு எண்ணிப் பாருங்கள். உண்மையாகவே குறைந்திருந்தால் மதியம் இன்னொரு கால் மணி நேரம் சேர்க்கலாம்.

பெற்றோர் கூட்டத்துக்கு நீங்களே போங்கள், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இப்படிக் குறைத்த பின் உங்கள் கணக்கில் நிற்பது ஏறக்குறைய பதினைந்து மணி நேரம், அடக்கவிலைக்கு நான் ஒதுக்கிய இரண்டு மணி நேரமும் சேர்த்து. இந்த வேலைக்கு ஒரு வாரத்திலும் கெடு வராது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதனால் அதைத் தள்ள நான் விடமாட்டேன். எல்லா உருப்படிக்கும் வேண்டாம், கரூருக்குப் போகும் உறைக்கு மட்டும் போடுங்கள். 400 உறைக்கு எத்தனை மீட்டர் துணி, வெட்டில் வீணானது எவ்வளவு, நூல், தையல் கூலி, மின்சாரம், லாரி வாடகை எல்லாவற்றையும் கூட்டி 400-ஆல் வகுங்கள். கூலியில் உங்கள் சொந்த உழைப்பையும் சேருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை கட்டுகளைப் பார்த்து முடித்த கையோடு உட்காருங்கள், துணிக் கணக்கு அப்போது கண்முன்னே இருக்கும். வரும் எண் உங்கள் விற்பனை விலையை நெருங்கியிருந்தால், அடுத்த ஆர்டருக்கு ஒப்புக்கொள்ளும் முன் கரூரோடு விலை பேச வேண்டும்.

மிச்சம் மூன்று மணி நேரத்தைத் திட்டமிடாமல் விட்டுவையுங்கள். மெக்கானிக் திங்கட்கிழமை வராமல் செவ்வாய்க்கிழமை வரலாம். மருத்துவர் புண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் மறுபடி கட்டுப் போட வரச் சொல்லலாம். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.