தறி வேலை, கல் அடைப்பு: எவ்வளவு தண்ணி, எவ்வளவு உப்பு?

“சோமனூர்ல தறி ஓட்டறனுங்க. போன மாசம் 5 மி.மீ. கல் தானா வெளிய வந்துருச்சு. தினமும் 3 லிட்டர் குடிச்சும் மூத்திரம் மஞ்சளாவே போகுதுங்க. என்ன பண்றது?”

குடிக்கிற அளவை விட, வெளியே போகிற அளவுதானுங்க கணக்கு. ஒரு நாளில் 2.5 லிட்டர் சிறுநீர் போக வேண்டும். தறிக் கூடத்தில் வேர்வையிலேயே பாதி போய்விடும். வேலை நாள் ஒன்றில், காலையில் முதல் முறை போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் முறை போவது வரை எல்லாவற்றையும் அளவு போட்ட கேனில் பிடித்துப் பாருங்க. 1.6 லிட்டர்தான் வந்தால் இன்னும் 1 லிட்டராவது கூட்டிக் குடிக்கணும். ஒரே மூச்சில் வேண்டாம். மணிக்கு ஒரு டம்ளர், படுக்கும் முன் ஒன்று. இருதயம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக் கூட்டுங்க.

உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும், பெரும்பாலான கல் அதில்தான் வளரும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு டீஸ்பூன், 5 கிராம்தான். மோருக்கு உப்பு வேண்டாம். கால்சியத்துக்குப் பயந்து பால், தயிரை நிறுத்தாதீங்க. அதிலுள்ள கால்சியம் சாப்பாட்டோடு சேர்ந்தால், கல்லுக்குக் காரணமான கீரையின் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துவிடும்.

விலா வலியோடு குளிர்காய்ச்சல், சிறுநீரே வராமல் போவது, குடித்த தண்ணீர் தங்காத வாந்தி, மாத்திரைக்கு அடங்காத வலி, இதில் எது வந்தாலும் வாழைத்தண்டுச் சாறு குடித்துக் காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. காய்ச்சலோடு அடைப்பு இருந்தால் கிருமி ரத்தத்தில் ஏற சில மணி நேரமே போதும்.